டெரிவேஷனில் போன மதிப்பெண்ணைப் பற்றி விரிவுரையாளருக்குக் கடிதம்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

திருத்திய விடைத்தாள் கைக்கு வந்த வாரத்தில் மாணவர்கள் வழக்கமாகக் கேட்கும் கேள்விகளை இங்கே தொகுத்திருக்கிறேன். பொதுவாகப் பேசினால் யாருக்கும் பயன்படாது என்பதால் ஒரே ஒரு விடைத்தாளை வைத்துக்கொண்டு பேசுகிறேன். கேள்வி இதுதான்: "புறவிசை எதுவும் இல்லாத வெளியில் செல்லும் ராக்கெட்டுக்கு v = v0 + u ln(m0/m) எனக் காட்டுக. (10 மதிப்பெண்)". சியோல்கோவ்ஸ்கி 1903-இல் வெளியிட்ட சமன்பாடு இது. இதில் u என்பது ராக்கெட்டைப் பொறுத்து வாயு பின்னோக்கி வெளியேறும் வேகம். m0 தொடக்க நிறை, m மீதமுள்ள நிறை.

மாணவர் எழுதிய விடை ஆறு வரிதான்:

```
1. dm = dt நேரத்தில் வெளியேறும் வாயுவின் நிறை
2. mv = (m - dm)(v + dv) + dm(v - u)
3. m dv = u dm
4. dv = u dm/m
5. ∫[v0 → v] dv = u ∫[m → m0] dm/m
6. v = v0 + u ln(m0/m)
```

இரண்டாம் வரிக்கு மேலே "புறவிசை இல்லை, எனவே மொத்த உந்தம் மாறாது" என்று எழுதியிருக்கிறார். பக்கத்திலேயே ஒரு படமும் உண்டு. கிடைத்தது 10-க்கு 6.

விடை சரியாகத்தானே வந்திருக்கிறது, அப்புறம் ஏன் 4 மதிப்பெண் போனது?

"காட்டுக" என்று கேட்கும்போது விடையைக் கேள்வியே கொடுத்துவிடுகிறது. கடைசி வரியை யாரும் பார்த்து எழுதிவிடலாம். அதனால் மதிப்பெண் முழுக்க நடுவில் உள்ள வரிகளுக்குத்தான். "கண்டுபிடி" என்று கேட்கும் கணக்கில் சரியான விடை ஓரளவுக்கு உங்களுக்காகச் சாட்சி சொல்லும். இங்கே அப்படிச் சொல்லாது.

இதைத் திருத்துகிறவர் பக்கம் இருந்து பாருங்கள். இதே கேள்விக்கு இன்னொருவர் இரண்டாம் வரியில் வாயுவின் திசைவேகத்தை v − u என்பதற்குப் பதில் v + u என்று தவறாகப் போடுகிறார் என்று வைத்துக்கொள்வோம். அவருக்கு மூன்றாம் வரி m dv = −u dm என்று வரும். அவரும் dm என்பதை வெளியேறும் வாயு என்றுதான் சொல்லியிருக்கிறார், அதாவது அது நேர் எண். அப்படியானால் dv எதிர்மறை. பின்னால் வாயுவைத் தள்ளும் ராக்கெட் வேகம் குறைகிறது என்று ஆகிவிடுகிறது. அடுத்த வரியில் அவர் அதே dm-ஐ ராக்கெட்டின் நிறை மாற்றம் என்று எண்ணிக்கொண்டு m0-இலிருந்து m வரை தொகையிடுகிறார். இது இரண்டாவது தவறு. இரண்டு தவறும் ஒன்றையொன்று அடித்துக்கொள்ள, v = v0 + u ln(m0/m) என்று அச்சு அசலாக வந்து நிற்கும்!

இப்படிப்பட்ட தாள்கள் ஒவ்வொரு தேர்விலும் வரும். அதனால் குறி மாறும் இடத்திலும் எல்லைகள் திரும்பும் இடத்திலும் திருத்துபவர் பேனாவை நிறுத்திப் பார்ப்பார். ஆகவே "விடை சரி" என்ற வாதத்தைக் கடிதத்தில் வைக்காதீர்கள். அது அவருக்கு எதையும் நிரூபிக்காது.

ஸ்டெப் மார்க் எப்படிப் பிரிகிறது?

ஒவ்வொரு துறையின் விடைக்குறிப்பும் ஒவ்வொரு மாதிரி இருக்கும். இந்தத் தாளுக்கு இருந்த பிரிவு இது: இரண்டு நேரங்களிலும் மொத்த உந்தத்தைச் சரியாக எழுதியதற்கு 3, உந்தம் ஏன் மாறாது என்று சொன்னதற்கு 1. விரித்துச் சுருக்கியதற்கு 1, dm·dv என்ற பெருக்கலை ஏன் விடலாம் என்று சொன்னதற்கு 1. வெளியேறும் நிறைக்கும் ராக்கெட்டின் நிறை மாற்றத்துக்கும் உள்ள குறித் தொடர்புக்கு 1. தொகையிட்டதற்கு 1, எல்லைகளுக்கு 1, முடிவுக்கு 1.

நம் மாணவருக்குப் போனவை: dm·dv காரணம், குறித் தொடர்பு, எல்லைகள், முடிவு. இந்த நான்கும் ஒரே எடையில் வாதாடக்கூடியவை அல்ல. எது திரும்பக் கிடைக்கும், எது கிடைக்காது என்று பிரித்துப் பார்ப்பதுதான் கடிதத்துக்கு முன்னால் செய்ய வேண்டிய வேலை.

விடைக்குறிப்பே என் கையில் இல்லை. எதற்குக் குறைத்தார் என்று எப்படித் தெரிந்துகொள்வது?

சிவப்பு மை எங்கே இருக்கிறது என்று வரி வரியாகப் பாருங்கள். இந்தத் தாளில் மூன்றாம் வரிக்குப் பக்கத்தில் ஒரு கேள்விக்குறி, ஐந்தாம் வரியில் எல்லைகளைச் சுற்றி ஒரு வட்டம், ஆறாம் வரியில் டிக் இல்லை. அவ்வளவுதான். கேள்விக்குறி என்றால் "இது எப்படி வந்தது", வட்டம் என்றால் "இது ஏன் இப்படி" என்று பெரும்பாலும் எடுத்துக்கொள்ளலாம்.

மொத்த எண் மட்டும்தான் தெரியும், தாளைப் பார்க்கவில்லை என்றால் முதல் கடிதத்தில் மதிப்பெண் கேட்காதீர்கள். தாளைப் பார்க்க நேரம் கேளுங்கள்.

dm·dv மிகச் சிறியது என்பது எல்லாருக்கும் தெரிந்ததுதானே? அதைக்கூட எழுத வேண்டுமா?

முதலாம் ஆண்டில் எழுத வேண்டும். இரண்டாம் வரியை விரித்தால் வருவது இது:

```
mv = mv + m dv - v dm - dm dv + v dm - u dm
```

இதில் v dm இரண்டும் அடிபட்டுப் போகின்றன. மிச்சம் m dv − dm dv − u dm = 0. இங்கிருந்து மூன்றாம் வரிக்குப் போக dm dv-ஐ விட வேண்டும். u dm-உம் dm உள்ள சிறிய உறுப்புதான். அதை வைத்துக்கொண்டு இதை மட்டும் ஏன் விட்டீர்கள் என்று ஒருவர் கேட்டால் பதில் வேண்டும்.

எண்களை வைத்துப் பார்த்தால் தெளிவாகும். ராக்கெட் 1000 கிலோ, u நொடிக்கு 3000 மீட்டர், வெளியேறுவது 1 கிலோ என்று கொள்வோம். dv சுமார் 3 மீட்டர்/நொடி. m dv = 3000, u dm = 3000, ஆனால் dm dv வெறும் 3. இப்போது 1 கிலோவை அரை கிலோவாக்குங்கள். m dv-உம் u dm-உம் பாதியாகி 1500 ஆகும். dm dv மட்டும் கால்பங்காகி 0.75 ஆகிவிடும். dm-ஐக் குறைத்துக்கொண்டே போனால் மற்ற இரண்டோடு ஒப்பிடும்போது இது பூஜ்யத்தை நெருங்கும். "இரண்டு நுண் அளவுகளின் பெருக்கம், எனவே புறக்கணிக்கலாம்" என்ற அரை வரி இதைத்தான் சொல்கிறது.

நம் மாணவர் விஷயத்தில் ஒரு நல்ல செய்தி. அந்த அரை வரியை அவர் எழுதியிருக்கிறார்! படத்துக்குக் கீழே, வலது ஓரத்தில், சின்ன எழுத்தில், "dm.dv மிகச் சிறியது, விடலாம்" என்று இருக்கிறது. மூன்றாம் வரியோடு அதைச் சேர்க்க அம்புக்குறி எதுவும் இல்லாததால் திருத்தியவர் கண்ணில் படவில்லை. கடிதத்தின் முதல் பத்தி இதுதான். தாளில் எழுதியிருக்கிறது, பார்க்கப்படவில்லை என்பதைவிட வலுவான காரணம் மதிப்பெண் கேட்பதற்குக் கிடையாது.

ஐந்தாம் வரியில் எல்லைகள் தலைகீழாக இருப்பது தவறா, சரியா?

இந்தத் தாளின் உயிர்நாடியே இந்த வரிதான்.

இடதுபக்கம் v0-இலிருந்து v-க்குப் போகிறது. v0 இருந்த நேரத்தில் நிறை m0. v ஆன நேரத்தில் நிறை m. அப்படியென்றால் வலதுபக்கம் m0-இலிருந்து m-க்குப் போக வேண்டும். மாணவர் m-இலிருந்து m0-க்குப் போகிறார். பார்த்த உடனே சந்தேகம் வரும்: நேராக எழுதினால் u ln(m/m0) என்று எதிர்மறையாக வந்துவிடும், கேள்வியில் கொடுத்த விடை வரவேண்டும் என்பதற்காகத் திருப்பிவிட்டாரோ?

ஆனால் அவர் எழுதியது கணிதப்படி சரி. வெளியேறும் வாயு dm என்று அவர் முதல் வரியில் சொல்லிவிட்டார். இரண்டாம் வரியில் ராக்கெட்டின் புதிய நிறை m − dm என்று எழுதியிருக்கிறார். அதாவது ராக்கெட்டின் நிறை மாற்றம் −dm. தொகையிடும்போது ஓடுகிற மாறி ராக்கெட்டின் நிறை. ஆகவே வாயுவின் நிறையை dμ என்று தனி எழுத்தில் எழுதியிருந்தால் இப்படிப் போயிருக்கும்:

```
m dv = u dμ
dμ = -dm
dv = -u dm/m
v - v0 = -u ∫[m0 → m] dm/m = u ∫[m → m0] dm/m
```

கடைசி வரியின் கடைசிப் பகுதிதான் மாணவரின் ஐந்தாம் வரி. தாளில் இல்லாதது நடுவில் உள்ள dμ = −dm என்ற ஒரு வரி மட்டுமே. ஒரே எழுத்தை இரண்டு பொருளுக்குப் பயன்படுத்தியதால் அந்த வரியை எழுத அவருக்கு இடமே இல்லாமல் போனது. dm = −dm என்றா எழுத முடியும்?

ஆகவே இது கணக்குத் தவறு இல்லை, சொல்லாமல் விட்டது. இந்த வித்தியாசத்தைக் கடிதத்தில் ஒரு வாக்கியத்தில் சொல்ல முடிந்தால் உங்களுக்கு டெரிவேஷன் புரிந்திருக்கிறது என்று படிப்பவருக்கு உடனே தெரியும்.

விட்டது ஒரு வரிதான். அதற்குக் குறித் தொடர்பு, எல்லை, முடிவு என்று மூன்று இடத்தில் குறைக்கலாமா?

நியாயமான கேள்வி. கடிதத்தில் தாராளமாகக் கேட்கலாம். ஒரு தவறுக்கு ஒருமுறை குறைத்துவிட்டு, அதன் விளைவாக வரும் அடுத்த வரிகளை "இவர் வைத்திருக்கும் மதிப்பிலிருந்து சரியாகப் போயிருக்கிறாரா" என்று மட்டும் பார்ப்பது பல விடைக்குறிப்புகளில் உள்ள வழக்கம். "கண்டுபிடி" வகைக் கணக்குகளில் இது எளிதாக நடக்கும். "காட்டுக" வகையில் திருத்துபவர்கள் கொஞ்சம் கெட்டியாக இருப்பார்கள், ஏனென்றால் கொடுத்த விடையை நோக்கி வளைத்தாரா, தானாக வந்து சேர்ந்தாரா என்பதைத் தாளை வைத்து மட்டுமே சொல்ல வேண்டியிருக்கிறது.

என் கணிப்பைச் சொல்கிறேன். குறித் தொடர்புக்கான 1 மதிப்பெண் திரும்பாது. அந்த வரி தாளில் இல்லை, அதற்கென்றே வைத்த மதிப்பெண் அது. எல்லைகளுக்கான 1-உம் கஷ்டம்தான், காரணம் சொல்லாமல் திருப்பிய எல்லைக்கு மதிப்பெண் கொடுக்க எனக்கும் மனம் வராது. ஆனால் முடிவுக்கான 1 வேறு கதை. ஐந்தாம் வரியை அப்படியே எடுத்துக்கொண்டால் ஆறாம் வரி அதிலிருந்து பிசகில்லாமல் வருகிறது. அங்கே புதிதாக எந்தத் தவறும் இல்லை. அதைத் திருப்பிக் கேட்கலாம், நானாக இருந்தால் கொடுத்துவிடுவேன். வேறொருவர் மறுத்தால் அவரையும் குறை சொல்ல முடியாது.

ஆக, எதிர்பார்க்கக்கூடியது 6-இலிருந்து 8. கடிதத்தை 10-க்காக எழுதாதீர்கள்.

சரி, கடிதத்தை எப்படி எழுதுவது?

முதலில் மாணவர் எழுதிக் கொண்டுவந்த வரைவு: "ஐயா, நான் எல்லா ஸ்டெப்பும் சரியாக எழுதியிருக்கிறேன். விடையும் சரி. இருந்தும் 4 மதிப்பெண் குறைந்திருக்கிறது. இந்த 4 மதிப்பெண்ணால் என் கிரேடு மாறுகிறது. தயவுசெய்து மீண்டும் பார்க்கவும்."

இதைப் படிக்கும் விரிவுரையாளர் என்ன செய்ய முடியும்? எந்த வரியைப் பார்ப்பது என்று தெரியாது. முழுத் தாளையும் மறுபடி திருத்த வேண்டும். கிரேடு மாறுவது உண்மையான கவலைதான், ஆனால் அதை வைத்து அவர் மதிப்பெண் போட முடியாது. போட்டால் கிரேடு எல்லையில் இல்லாத மற்ற மாணவர்களுக்கு அநியாயம். மரியாதையில் குறையில்லை, பார்க்க வேண்டிய இடத்தைத்தான் சொல்லவில்லை.

திருத்தி எழுதியது இது:

"பொருள்: இயக்கவியல் இடைத்தேர்வு, கேள்வி 4 (ராக்கெட் சமன்பாடு) – இரண்டு வரிகள் பற்றி

மதிப்பிற்குரிய ஐயா,

நேற்று என் விடைத்தாளைப் பார்த்தேன். கேள்வி 4-இல் 10-க்கு 6 பெற்றிருக்கிறேன். அந்தப் பக்கத்தின் படத்தை இணைத்துள்ளேன். வரிகளுக்கு எண் இட்டிருப்பது படத்தில் மட்டும்தான், தாளில் எதையும் சேர்க்கவில்லை.

முதலாவது, வரி 3-க்குப் பக்கத்தில் கேள்விக்குறி இருக்கிறது. dm.dv-ஐப் புறக்கணித்த காரணம் கேட்கப்பட்டிருக்கிறது என்று எடுத்துக்கொள்கிறேன். அந்தக் காரணத்தைப் படத்துக்குக் கீழே வலது ஓரத்தில் எழுதியிருக்கிறேன். வரியோடு சேர்த்து எழுதாததால் கவனத்தில் படாமல் போயிருக்கலாம். அதைப் பார்த்துச் சொல்ல முடியுமா?

இரண்டாவது, வரி 5-இல் எல்லைகள் வட்டமிடப்பட்டுள்ளன. dm என்பதை வெளியேறும் நிறையாக எடுத்ததால் (வரி 1, வரி 2-இல் m − dm) ராக்கெட்டின் நிறை மாற்றம் −dm ஆகிறது. அந்தக் குறியால் எல்லைகள் திரும்பின. இதை ஒரு வரியாக எழுதாதது என் விடுபடல், அதற்கான மதிப்பெண்ணைக் கேட்கவில்லை. ஆனால் வரி 5-இலிருந்து வரி 6 நேராக வருகிறது. வரி 6-க்கான மதிப்பெண்ணும் இதே விடுபடலுக்காகத்தான் குறைந்ததா என்று அறிய விரும்புகிறேன்.

தங்களுக்கு வசதியான நேரத்தில் அறைக்கு வந்து பார்க்கவும் தயாராக இருக்கிறேன்.

இப்படிக்கு,
(பெயர், பதிவு எண், பிரிவு)"

கவனியுங்கள், "மதிப்பெண் கொடுங்கள்" என்ற வார்த்தை இதில் எங்கும் இல்லை. ஆனாலும் என்ன கேட்கிறார் என்பதில் யாருக்கும் சந்தேகம் வராது. விட்டதை விட்டேன் என்று ஒப்புக்கொண்ட அந்த ஒரு வாக்கியம் மற்ற இரண்டு கேள்விக்கும் கனம் சேர்க்கிறது. தாளைத் திறக்காமலேயே, இணைத்த படத்தைப் பார்த்து அவர் ஐந்து நிமிடத்தில் முடிவெடுத்துவிடலாம்.

"எடுத்துக்கொள்கிறேன்" என்ற சொல்லும் அங்கே வேண்டும். கேள்விக்குறி எதற்கு என்று உங்களுக்கு உறுதியாகத் தெரியாது, அவர் நினைத்தது வேறாகவும் இருக்கலாம்.

முழு டெரிவேஷனையும் இப்போது சரியாக எழுதி இணைத்தால் நல்லதுதானே?

வேண்டாம். வீட்டில் உட்கார்ந்து இப்போது எழுதியதற்கு மதிப்பெண் கிடையாது. மேலும் புதுத் தாளில் dμ = −dm என்ற வரியைச் சேர்த்து அனுப்பினால், பழைய தாளில் அது இல்லை என்பதை நீங்களே எடுத்துக் காட்டுகிறீர்கள். தேர்வு அறையில் மனத்தில் இருந்தது என்று விளக்குவதும் இதே கணக்கில்தான் சேரும். தாளில் மையில் இருப்பதை மட்டும் சுட்டுங்கள்.

புரிந்துகொள்வதற்காகக் காட்ட விரும்பினால், மதிப்பெண் பேச்சு முடிந்த பிறகு தனியாகக் கொண்டுபோங்கள்.

நான் F = d(mv)/dt என்று தொடங்கினேன். புறவிசை பூஜ்யம் என்று போட்டேன். முதல் வரியிலேயே அடித்துவிட்டார். இதற்குக் கடிதம் எழுதலாமா?

எழுதுவதற்கு முன் ஒரு சோதனை செய்து பாருங்கள். உங்கள் வழியில் m dv + v dm = 0 என்று வந்திருக்கும், அதாவது mv மாறிலி. ராக்கெட் ஓய்வில் இருந்து கிளம்புகிறது, v0 = 0 என்று போடுங்கள். mv எப்போதும் பூஜ்யம். எவ்வளவு வாயுவை வெளியேற்றினாலும் ராக்கெட் நகரவே நகராது! u என்ற அளவு சமன்பாட்டில் எங்குமே வரவில்லை என்பதையும் பாருங்கள்.

mv என்பது ராக்கெட்டின் உந்தம் மட்டும். வெளியேறிய வாயு தன் பங்கு உந்தத்தை எடுத்துக்கொண்டு போய்விட்டது, அது உங்கள் கணக்கில் சேரவில்லை. மாறாமல் இருப்பது ராக்கெட்டும் வாயுவும் சேர்ந்த மொத்த உந்தம். இது விடுபடல் இல்லை, அமைப்பைத் தேர்ந்தெடுத்ததிலேயே தவறு. அதன் பிறகு எத்தனை வரி ஒழுங்காகப் போயிருந்தாலும் இந்தக் கேள்விக்கு அதிகம் பெயராது.

நடுவில் எங்கோ u சேர்ந்து விடை சரியாக முடிந்திருந்தால் நிலைமை இன்னும் மோசம், கடிதம் அந்த இடத்தைத்தான் வெளிச்சம் போட்டுக் காட்டும். இதற்கு மதிப்பெண் கேட்டு எழுதாமல், "அமைப்பை எங்கே தவறாக எடுத்தேன்" என்று கேட்டு நேரில் போங்கள்.

வகுப்பில் நடத்திய வழியில் எழுதாமல் வேறு புத்தகத்தின் வழியில் எழுதினேன். அதற்காகக் குறைத்திருப்பாரோ?

பொதுவாக இல்லை. இதே சமன்பாட்டை ராக்கெட்டோடு அந்தக் கணத்தில் சேர்ந்து செல்லும் சட்டகத்தில் நின்று பார்த்தால் இரண்டே வரியில் முடியும்: அங்கே ராக்கெட் ஓய்வில் இருக்கிறது, வாயு u வேகத்தில் பின்னால் போகிறது, ராக்கெட் dv வேகத்தில் முன்னால் போகிறது, ஆகவே m dv = u dμ. அருமையான வழி. ஆனால் எந்தச் சட்டகத்தில் நிற்கிறீர்கள் என்று எழுதாவிட்டால், v எங்கே போனது, வாயுவுக்கு v − u ஏன் போடவில்லை என்று திருத்துபவர் தேடுவார். "இக்கணத்தில் ராக்கெட்டின் சட்டகத்தில்" என்ற சொற்கள் உங்கள் தாளில் இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் அந்த இடத்தைச் சுட்டி எழுதுங்கள். இல்லையென்றால் போனது வழிக்காக இல்லை, அந்தச் சொற்களுக்காக.

என் நண்பன் இதே மாதிரி எழுதி 9 வாங்கியிருக்கிறான். அதைக் கடிதத்தில் சொல்லலாமா?

சொல்லாதீர்கள். இரண்டு தாளையும் பக்கத்தில் வைத்து முதலில் நீங்களே படியுங்கள்; பெரும்பாலும் அவன் தாளில் ஒரு அரை வரி கூடுதலாக இருக்கும். அதுவே உங்களுக்கு விடைக்குறிப்பைக் காட்டிக்கொடுத்துவிடும். உண்மையிலேயே ஒன்றுபோல இருந்தாலும், அந்தக் கடிதத்தால் உங்களுக்கு ஏறுவதற்குப் பதில் அவனுக்கு இறங்கலாம்.

மறுகூட்டல், மறுமதிப்பீடு என்று விண்ணப்பம் இருக்கிறதே, கடிதம் எதற்கு?

மறுகூட்டல் என்பது போட்ட மதிப்பெண்களைச் சரியாகக் கூட்டியிருக்கிறார்களா, திருத்தாமல் விட்ட பக்கம் இருக்கிறதா என்று பார்ப்பது மட்டும். ஓரத்தில் இருந்த வாக்கியம் அதில் வராது. மறுமதிப்பீடு என்றால் முழுத் தாளையும் இன்னொருவர் திருத்துவார்; பல இடங்களில் மதிப்பெண் குறையவும் வாய்ப்பு உண்டு. மற்ற கேள்விகளில் தாராளமாகக் கிடைத்தது எங்கே இருக்கிறது என்று நேர்மையாகப் பார்த்துவிட்டு அந்தப் பக்கம் போங்கள்.

இடைத்தேர்வு, ஒப்படைப்பு போன்ற, விரிவுரையாளரே திருத்துகிற தாளுக்குத்தான் இந்தக் கடிதம். இறுதித் தேர்வுத் தாள் தேர்வுப் பிரிவின் கையில் இருந்தால் விரிவுரையாளர் நினைத்தாலும் மாற்ற முடியாமல் போகலாம். மறுகூட்டல், மறுமதிப்பீடு இரண்டுக்கும் கெடு தேதி இருக்கும், கடிதத்துக்குப் பதில் வரட்டும் என்று காத்திருந்து விண்ணப்பத் தேதியைத் தவறவிட வேண்டாம்.

"ஓரத்தில் எழுதியது சரி, 1 கொடுக்கிறேன். வரி 6 மாற்ற முடியாது" என்று பதில் வந்தால் மறுபடி எழுதலாமா?

காரணம் சொல்லியிருக்கிறாரா என்று பாருங்கள். "எல்லைகளுக்குக் காரணம் இல்லாததால் வரி 5-ஐயே ஏற்கவில்லை, அதனால் வரி 6-க்கும் இல்லை" என்று சொல்லியிருந்தால் அவர் உங்கள் கேள்வியைப் படித்து, அதற்கே பதில் சொல்லியிருக்கிறார். நன்றி சொல்லி 7-ஐ வாங்கிக்கொள்ளுங்கள். காரணமே இல்லாமல் "மாற்ற முடியாது" என்று மட்டும் இருந்தால், எந்த வரிக்காக என்று ஒரே ஒருமுறை, ஒரே வாக்கியத்தில் கேட்கலாம். புது வாதம் எதையும் அதில் சேர்க்க வேண்டாம்.